குத்தகை ஏன் பிந்தி வருகிறது? தேதி எழுதிப் பார்ப்போம்



நம் குழுக்களில் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1989-ல் வந்த சட்டத்தால் அப்பா வீட்டுப் பங்கு கைக்கு வந்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிற பெண்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அடிக்கடி வருகிற சண்டை ஒன்றுதான். "குடுக்க மாட்டேன்னு சொல்லல, ஆனா ஒவ்வொரு வருஷமும் பிந்தித்தான் குடுக்குறாரு." இதை எப்படிக் கையாள்வது என்று ஒரு கதை மூலமாகப் பார்ப்போம். கதையில் வரும் அக்காவுக்குப் பெயர் வேண்டாம். ஊர் பாபநாசம் பக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

அக்காவுக்கு அப்பா பங்காக 2 ஏக்கர் நஞ்சை வந்தது. அப்பா காலத்திலிருந்தே பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அதைக் குத்தகைக்கு உழுகிறார். அக்கா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எழுத்து எதுவும் கிடையாது. ஏக்கருக்கு 7 மூட்டை நெல், அல்லது அதற்கான பணம், "பொங்கல் கழிச்சுத் தர்றேன்" என்று வாய்ப்பேச்சு. பணம் வந்ததோ ஒரு வருஷம் பங்குனியில், அடுத்த வருஷம் சித்திரையில். அக்கா இந்தப் பணத்தை நம்பித்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் சொல்லியிருந்தார். கடைசியில் குழுவில் வாங்கிய கடனில் இரண்டு தவணை தவறிப்போனது.

சொந்தக்காரர்கள் சொன்ன யோசனை இதுதான்: "டிராக்டரை விட்டு உழுதுடு. அவரு எங்க போவாரு?"

இதைத்தான் செய்யக் கூடாது. நம் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு காலத்தில் மிராசுதார் நினைத்தால் குத்தகைக்காரரை மாற்றிவிடலாம். அதைத் தடுக்கத்தான் 1952-ல் தஞ்சாவூருக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பிறகு 1955-ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாடு முழுவதற்கும் வந்தது. தானோ தன் குடும்பத்தாரோ உடல் உழைப்புப் போட்டு இன்னொருவர் நிலத்தில் பயிர் செய்கிறவரை, வருவாய் நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருந்தாலும் இது பொருந்தும். பெரிய மிராசுதாருக்கும் 2 ஏக்கர் வைத்திருக்கும் அக்காவுக்கும் சட்டம் ஒன்றுதான். டிராக்டரை விட்டிருந்தால் குற்றம் அக்கா பக்கம் திரும்பியிருக்கும்.

அக்கா குழுவின் கணக்கு எழுதுபவரிடம் வந்து அழுதார். அவர் கேட்ட கேள்வி: "எந்தத் தேதிக்குப் பிந்திச்சுன்னு சொல்லுங்க?" அக்காவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பொங்கல் கழித்து என்றால் தை 5-ம்தான், மாசி 25-ம்தான். தேதியே இல்லாத இடத்தில் தாமதம் என்று எதைச் சொல்வது?

இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். சண்டைக்கு இல்லை, தேதி எழுத. நாம் குழுவில் வரவு செலவு எழுதுவோமே, அதே மாதிரி போன பருவத்தின் தேதிகளை வரிசையாக எழுதினார்கள்.

அறுப்பு தை 20. கொள்முதல் நிலையத்துக்கு நெல் போனது தை 22. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் களத்தில் காயப்போட்டுக் காத்திருந்து, எடை போட்டது மாசி 4. வங்கியில் பணம் ஏறியது மாசி 10. குத்தகை கொடுத்தது சித்திரை 5.

இப்போது விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. அறுப்பிலிருந்து மாசி 10 வரை ஆன தாமதம் யாருடைய தப்பும் இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். தண்ணீர் பிந்தினால் நடவு பிந்தும், நடவு பிந்தினால் அறுப்பும் பிந்தும். ஆனால் மாசி 10 முதல் சித்திரை 5 வரை கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருக்கிறதே, அது எங்கே போனது?

அண்ணன் கணக்குச் சொன்னார். 2 ஏக்கரில் 60 கிலோ மூட்டையாக 60 மூட்டை கண்டது. வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் 6 மூட்டை வைத்துக்கொண்டு 54 மூட்டை போட்டார். சாதாரண ரகத்துக்கு 2025-26 பருவத்தில் அரசு கொடுத்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அந்தக் கணக்கில் 81,000 ரூபாய். நடவுக்கும் உரத்துக்கும் நெல் வியாபாரியிடம் ஆவணியில் 40,000 வாங்கியிருந்தார், மூன்று வட்டிக்கு. ஆறு மாத வட்டி 7,200. பணம் ஏறிய மறுநாளே வியாபாரி வந்து 47,200-ஐ வாங்கிக்கொண்டு போய்விட்டார். அறுவடை மிஷினுக்கு 7,500. உரக்கடை பாக்கி, ஆள் கூலி, பொங்கல் செலவுக்கு வாங்கிய கைமாற்று எல்லாம் போக, கையில் நின்றது ஐயாயிரம்தான்.

"அப்போ எனக்குக் குடுத்த 21,000 எதுலேர்ந்து வந்துச்சுண்ணே?"

"உளுந்துல தங்கச்சி. சம்பா தாள்ல தெளிச்ச உளுந்து பங்குனிக் கடைசிலதானே எடுக்கும்."

இதுதான் விடை. அக்கா நெல் பணத்துக்குக் காத்திருந்தார். அண்ணன் உளுந்துப் பணத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார். நெல் பணத்தில் முதல் பங்கு வியாபாரிக்குப் போய்விட்டது. மிரட்டினாலும் கெஞ்சினாலும் மாசியில் பணம் வந்திருக்காது.

சரி, வியாபாரியிடம் ஏன் போனார்? கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஆனால் அங்கே கேட்பது சிட்டாவும் அடங்கலும். சிட்டா அக்காவின் அப்பா பெயரில் இருந்தது. அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று அண்ணன் பெயர் ஏறவே இல்லை. பெயர் ஏறினால் நிலம் போய்விடும் என்று அப்பா பயந்து விடவில்லை. அந்தப் பயம்தான் குத்தகை பிந்துவதற்கு ஒரு காரணமாக இருந்தது.

இந்தப் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் நேராகப் பேசுவோம். தன் உழைப்பில் பயிர் செய்கிறவருக்குப் பாதுகாப்பைத் தருவது சட்டம். காகிதம் அதைப் புதிதாகக் கொடுப்பதில்லை. காகிதம் சாட்சிதான், அது இரண்டு பேருக்கும் சாட்சி. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எழுத்தும் பதிவும் இருந்தால், நாளைக்கு நிலத்தைத் திருப்பிக் கேட்கும்போது "அவர் குத்தகைதாரரே இல்லை" என்று சொல்ல முடியாது. சீக்கிரம் நிலம் தேவைப்படும் என்று நினைப்பவர், புதிதாகக் குத்தகைக்கு விடும் முன்பே யோசிக்க வேண்டும். அக்காவின் நிலத்தில் அண்ணன் ஏற்கெனவே பல வருஷமாக உழுகிறார். மறைத்து வைத்து அக்காவுக்கு ஆவது ஒன்றுமில்லை.

அதனால் அக்கா முதலில் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்தார். வி.ஏ.ஓ.விடம் போய் அடங்கலில் அண்ணன் சாகுபடி செய்வதை எழுதச் சொன்னார். அந்தச் சான்றை வைத்து அண்ணன் சங்கத்தில் கடன் கேட்டார். பயிர்க் காப்பீடு கட்டவும் அதே சான்று உதவியது.

அடுத்து ஒப்பந்தம் எழுதினார்கள். 1955-ம் வருடச் சட்டப்படி குத்தகைப் பத்திரம் மூன்று பிரதி. ஒன்று நிலம் உள்ளவருக்கு, ஒன்று குத்தகைக்காரருக்கு, ஒன்று தாலுகா அலுவலகத்துக்கு. அதில் இரண்டு விஷயத்தைக் கவனமாக எழுதினார்கள்.

முதலாவது அளவு. நியாயக் குத்தகைச் சட்டம் 1956-ல் வந்தபோது நஞ்சைக்கு மகசூலில் 40 சதவீதம் என்று இருந்தது. பிறகு அதை 25 சதவீதமாகக் குறைத்தார்கள். வழக்கமான மகசூல் 60 மூட்டை என்றால் 15 மூட்டைக்கு மேல் கேட்க முடியாது. அக்கா கேட்பது 14, சரியாகத்தான் இருக்கிறது. வெள்ளத்தில் பயிர் போனால் மகசூல் குறைந்த அளவுக்குக் குத்தகையும் குறையும் என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

இரண்டாவது தேதி. "கொள்முதல் பணம் வங்கியில் ஏறி 10 நாளுக்குள், எப்படியும் பங்குனி 1-க்குள்" என்று எழுதினார்கள். இந்தத் தேதி ஏன் முக்கியம்? கெடு தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் குத்தகை கட்டாவிட்டால்தான் சட்டத்தின் கண்ணில் அது பாக்கி. பங்குனி 1 கெடு என்றால் சித்திரை 1 வரை அவகாசம் உண்டு. அக்கா மகளின் கட்டணத்துக்குச் சித்திரைக் கடைசியை வைத்துக்கொண்டார். கையில் வராத பணத்துக்கு நாள் சொல்வதை விட்டுவிட்டார்.

அடுத்த பருவம் என்ன ஆனது? பணம் மாசி 14-ல் ஏறியது. வியாபாரி கடன் இல்லை, 7,200 வட்டியும் இல்லை. சங்கக் கடன் தவணைக்கு இன்னும் நாள் இருந்தது. அண்ணன் மாசி 20-ல் 15,000 கொண்டுவந்தார். மீதி 6,000 பங்குனி 9-ல் வந்தது. எட்டு நாள் பிந்தியதுதான், ஆனால் முன்னாடியே சொல்லிவிட்டார். இரண்டு தடவையும் அக்கா தேதி போட்டு ரசீது கொடுத்தார். பாதிப் பணத்துக்கும் ரசீது கொடுக்க வேண்டும். "இன்ன பருவத்துக் குத்தகையில் இவ்வளவு வரவு, இவ்வளவு பாக்கி" என்று எழுதினால் பின்னால் பேச்சு வராது.

எல்லாத் தாமதமும் இப்படி முடியாது. பணம் ஏறி, பெரிய கடனும் இல்லாமல், கொடுக்காமல் இழுத்தடிப்பவரும் உண்டு. தேதிகளை எழுதிப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். பாஸ்புக்கைக் காட்டமாட்டார், ஒவ்வொரு தடவையும் காரணம் மாறும். அப்போது பாக்கியை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கெடு கழிந்து ஒரு மாதம் ஆனதும் வருவாய் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். அங்கே உடனே வெளியேற்றிவிட மாட்டார்கள். இரண்டு பக்க நிலைமையையும் பார்த்து, பாக்கியைக் கட்டக் குத்தகைக்காரருக்கு ஒரு தவணை கொடுப்பார்கள். அதற்குள் கட்டிவிட்டால் நிலம் அவரிடமே இருக்கும். கட்டாவிட்டால்தான் வெளியேற்ற உத்தரவு. ஆகவே இந்த வழியை நிலத்தை மீட்கும் வழி என்று நினைக்காமல், பாக்கியை வாங்கும் வழி என்று நினைத்துப் போங்கள்.

குத்தகைக்குப் பயிர் செய்யும் சகோதரிகளுக்கும் ஒன்று. நிலத்துக்காரர் பணத்தை வாங்க மறுத்தாலோ, ரசீது தராமல் ஏய்த்தாலோ, கெடு தாண்டவிடாதீர்கள். குத்தகையை நீங்களே வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். உங்கள் பக்கம் தேதியும் ரசீதும் இருந்தால், பாக்கி என்று சொல்லி உங்களை யாரும் வெளியேற்ற முடியாது.