கடைசி 20 நிமிடம்: பாரிஸ் ரயில் நிலையத்தில் எங்கே காத்திருப்பது?

பாரிஸிலிருந்து மார்செய் போக டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். அதில் புறப்படும் நேரம் இருக்கிறது. ரயில் எண், பெட்டி எண், இருக்கை எண் எல்லாம் இருக்கின்றன. நடைமேடை எண் மட்டும் இல்லை. கார் த லியோன் நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்றாலும், அறிவிப்புப் பலகையில் உங்கள் ரயிலுக்கு நேரே அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். வழக்கமாகப் புறப்படுவதற்கு 20 நிமிடம் முன்புதான் அங்கே எண்ணோ எழுத்தோ வந்து விழும். விழுந்ததும் அதுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமாக நகரத் தொடங்கும்.

ஏன் இத்தனை தாமதம்? அங்கே ஒரு ரயில் வந்து நின்றால் பல நேரங்களில் அதே ரயில்தான் அடுத்த பயணத்துக்கும் கிளம்புகிறது. இரண்டு அதிவேக ரயில்களைச் சேர்த்து ஓட்டும்போது ஏறக்குறைய ஆயிரம் பேர் ஒரே நடைமேடையில் இறங்குவார்கள். அவர்கள் வெளியேறி, பெட்டிகளைச் சுத்தம் செய்வதற்குள் ஏறுகிறவர்களும் உள்ளே புகுந்தால் யாரும் அசைய முடியாது. வர வேண்டிய ரயில் தாமதமானால் தடத்தை மாற்றவும் வேண்டியிருக்கும். முன்கூட்டி அறிவித்துவிட்டுப் பிறகு மாற்றுவதைவிட, உறுதியான பிறகு சொல்வது மேல் என்பது அவர்கள் கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் அதன் சுமை பெட்டி படுக்கையோடு நிற்கும் பயணியின் மேல் விழுகிறது.

முதல்முறை நானும் அக்காவும் அங்கே போனபோது செய்த தவறைச் சொல்கிறேன். ஒரு பலகையில் "மார்செய்" என்று பார்த்ததும் அதன் கீழேயே உட்கார்ந்துவிட்டோம். கால் மணி நேரம் கழித்து அக்காதான் கேட்டாள்: "தம்பி, இது பச்சையா இருக்கு. அந்தப் பக்கம் எல்லாம் நீலமா இருக்கே?" நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது மார்செயிலிருந்து வருகிற ரயிலை. பிரான்ஸ் நிலையங்களில் புறப்பாட்டுப் பலகை நீலம். மேலே Départs என்று இருக்கும். வருகைப் பலகை பச்சை, அதில் Arrivées. பிரெஞ்சு ஒரு சொல் தெரியாவிட்டாலும் நிறத்தை நினைவில் வைத்தால் போதும்.

நீலப் பலகையைக் கண்டுபிடித்தபின் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். நேரத்தையும் ரயில் எண்ணையும் தேடுங்கள். பலகையில் பெரிதாகத் தெரிவது ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். நீங்கள் வழியில் அவிஞோனில் இறங்குகிறவர் என்றால் அந்தப் பெயர் சிறிய எழுத்தில் மட்டுமே வரும். பெரிய எழுத்தில் மார்செய் என்றோ நீஸ் என்றோ இருக்கும். ஒரே ஊருக்கு அடுத்தடுத்து ரயில்கள் இருக்கும் நாளும் உண்டு. டிக்கெட்டில் உள்ள எண்ணும் பலகையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் அது உங்கள் ரயில். அந்த வரியில் Retard என்று வந்தால் தாமதம், Supprimé என்று வந்தால் ரத்து. நடைமேடைக்கான கட்டத்தின் தலைப்பு Voie. இந்த நான்கைந்து சொற்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

உங்கள் எண் எந்தப் பலகையிலுமே இல்லையென்றால் டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைப் பாருங்கள். பக்கத்திலேயே பெர்சி என்று தனி நிலையம் இருக்கிறது. க்ளெர்மோன் ஃபெரான் போகும் ரயில்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இனி, எங்கே நிற்பது? கார் த லியோனின் மேல்தளம் இரண்டு கூடங்களாகப் பிரிந்திருக்கிறது. முதல் கூடத்தில் தடங்களுக்கு எழுத்துப் பெயர்: A-யிலிருந்து N வரை. இரண்டாம் கூடத்தில் எண்: 5-லிருந்து 23 வரை. மூட்டை முடிச்சோடு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஐந்து நிமிடம் வேண்டும். பயணிகள் நேரத்தைத் தொலைப்பது இங்கேதான். நல்ல வேளையாக, தடம் தெரிவதற்கு முன்பே உங்கள் ரயில் வரியில் Hall 1 அல்லது Hall 2 என்று பலகை காட்டிவிடும். பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை, எண்ணுக்காகவே காத்திருக்கிறார்கள். கூடம் தெரிந்த உடனே அங்கே போய்விடுங்கள். காப்பி குடிப்பதென்றாலும் அந்தக் கூடத்திலேயே குடியுங்கள். பெரிய பலகைக்கு நேர் கீழே கூட்டத்தின் நடுவில் நிற்க வேண்டாம். ஓரத்தில் தொங்கும் சிறிய திரைகளிலும் அதே செய்திதான் வரும். தடங்களின் வரிசைக்கு ஏறத்தாழ நடுவில், ஒரு திரை கண்ணில் படும்படி நின்றால் எந்தப் பக்கம் எண் விழுந்தாலும் நடை சமமாக இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ரயில் 10:30-க்கு என்று வைத்துக்கொள்வோம். 10:10-க்குத் தடம் தெரியும். கதவுகள் 10:28-க்கே மூடிவிடும். இரண்டு நிமிடம் முன்னதாக மூடுவது அங்கே விதி. ஆக, கையில் இருப்பது 18 நிமிடம். தவறான கூடத்தில் நின்றிருந்தால் ஐந்து போயிற்று. டிக்கெட்டைக் காட்டித் திறக்கும் தானியங்கிக் கதவில் வரிசை நின்றால் மூன்று நான்கு போகும். மிச்சம் ஒன்பதோ பத்தோ. இரண்டு ரயில்கள் சேர்ந்த தொடரின் நீளம் 400 மீட்டர். உங்கள் பெட்டி அந்தக் கோடியில் இருந்தால், சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே ஆறேழு நிமிடம் நடக்க வேண்டும். சரியான கூடத்தில் நின்றவருக்கு இது சாவகாசமான நடை. தவறான கூடத்தில் நின்றவருக்கு ஓட்டம்.

நடைமேடை முகப்பில் உள்ள திரையில் ரயிலின் படம் இருக்கும். நம் ஊரில் பெட்டி நிற்கும் இடத்தைக் காட்டுவது போலத்தான்: எந்தப் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று அதில் தெரியும். அதே எழுத்துகள் நடைமேடை நெடுகத் தொங்கும். அரை நிமிடம் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது, ஏனென்றால் 1 முதல் 8 வரை ஒரு ரயில், 11 முதல் 18 வரை இன்னொரு ரயில். எது முன்னால் நிற்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறலாம்.

நேரம் மிகவும் நெருங்கிவிட்டால் உங்கள் பெட்டி வரை ஓடாதீர்கள். உங்கள் பெட்டி இருக்கும் அதே ரயிலின் எந்தக் கதவிலாவது ஏறி, உள்ளே நடந்து போய்க்கொள்ளலாம். ஆனால் பெட்டி 14-க்கு டிக்கெட் வைத்துக்கொண்டு பெட்டி 5-இல் ஏறினால் உள்ளே நடந்து போக வழி கிடையாது. சேர்ந்து ஓடும் இரண்டு ரயில்களுக்கும் நடுவில் கதவே இல்லை. நேரடி ரயிலாக இருந்தால் மார்செய் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் அது எங்கேயும் நிற்காது.