டிஸ்க் நிரம்பினால் மெயிலில் என்ன எழுதலாம்?

"லேப்டாப் ஸ்லோவாக இருக்கிறது, உடனே பாருங்கள்" என்று மட்டும் எழுதினால், ஐடி பிரிவிலிருந்து கேள்விகள்தான் திரும்பி வரும். அனுப்புவதற்கு முன் விண்டோஸில் Settings, System, Storage என்று வரிசையாகத் திறந்து பாருங்கள். இடத்தை எது அடைத்திருக்கிறது என்று அங்கேயே தெரியும். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் இப்படி எழுதலாம்:

"வணக்கம். என் லேப்டாப்பில் C: டிரைவ் 237 ஜிபியில் 1.8 ஜிபி மட்டுமே காலி. நேற்று மதியத்திலிருந்து எக்செல் ஃபைல் சேவ் ஆகவில்லை. பிழைச் செய்தியின் படம் இணைப்பில். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தேன், ரீஸ்டார்ட்டும் செய்தேன், மாற்றமில்லை. அவுட்லுக்கின் .ost ஃபைல் மட்டும் 46 ஜிபி. அதை நான் தொடவில்லை. வெள்ளிக்கிழமை ஜிஎஸ்டி கணக்கு முடிக்க வேண்டும். மாலை 4 மணிக்கு மேல் லேப்டாப்பைத் தர முடியும். சொத்து எண் இணைப்பில்."

இதில் முக்கியமான வரி .ost பற்றியதுதான். சர்வரில் உள்ள மெயில்களின் நகல் லேப்டாப்பில் சேரும் ஃபைல் அது. பல ஆண்டு மெயில்களையும் வைத்திருக்கும்படி அமைத்திருந்தால் ஊதிக்கொண்டே போகும். கடந்த ஓராண்டு மெயில் போதும் என்று அமைப்பை மாற்றினால் பழையவை சர்வரில் அப்படியே இருக்கும். ஆனால் .pst ஃபைல் வேறு. அதிலுள்ள மெயில்களுக்குச் சர்வரில் பெரும்பாலும் நகல் இருக்காது. ஆகவே இரண்டில் எது என்று எழுதுங்கள். நீங்களாக எதையும் அழிக்காதீர்கள்.