பிரிந்த பின் ஜாயின்ட் அக்கவுன்டில் எதை முதலில் நிறுத்துவது?

கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தொடங்கியதும் ஜாயின்ட் அக்கவுன்டில் பலரும் முதலில் கைவைப்பது ஓடிடி சந்தாவில்தான். மாதம் இருநூறு முந்நூறு மிச்சமாகும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து, மாதத்துக்கு மாதம் தொகை மாறும் கிரெடிட் கார்டு பில்லில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1ஆம் தேதி மனைவியின் சம்பளம் விழுந்து இருப்பு 48,000 ரூபாய். 3ஆம் தேதி கணவரின் கார்டு பில் போகும். 5ஆம் தேதி வீட்டுக்கடன் தவணை 24,000 ரூபாய். கார்டு பில் வழக்கமாக 12,000 ரூபாய்தான் என்பதால் இதுவரை சிக்கல் இல்லை. பிரிந்த மாதத்தில் கணவர் தனி வீட்டுக்குக் கட்டில், பிரிட்ஜ் வாங்குகிறார். பில் 31,000 ரூபாய். முழு பாக்கியையும் எடுக்கும்படி ஆட்டோ டெபிட் கொடுத்திருப்பதால் அது அப்படியே போய்விடும். மீதி 17,000 ரூபாயில் தவணைக்குப் பணம் போதாது, திரும்பிவிடும். வங்கியும் அபராதம் போடும், கடன் கொடுத்தவரும் போடுவார். கடனில் இருவரும் கையெழுத்திட்டிருந்தால் இருவர் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும்.

அதனால் முதலில் கார்டின் ஆட்டோ டெபிட்டை, கார்டு யார் பெயரில் உள்ளதோ அவருடைய தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். உங்கள் கார்டில் துணைவருக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கியிருந்தால் அதையும் அன்றே முடக்குங்கள். அதில் செலவழிப்பது அவராக இருந்தாலும் வங்கி பணம் கேட்பது உங்களிடம்தான். அவர் மாற்ற மறுத்தால், உங்கள் சம்பளத்தை வேறு கணக்குக்குத் திருப்பிவிடுவதே வழி.

சந்தாக்கள் அடுத்து. யுபிஐ ஆட்டோபே அதைப் போட்டவரின் யுபிஐ ஆப்பில் தெரியும், மற்றவருக்கு ஸ்டேட்மென்டில்தான் கண்ணில் படும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போவதும் உண்டு என்பதால் 12 மாத ஸ்டேட்மென்டைப் பாருங்கள்.

கோபத்தில் நிறுத்தவே கூடாதவை தவணையும் காப்பீடும். தவணைக்குத் தனிக் கணக்கிலிருந்து புதிய மேண்டேட் கொடுங்கள். முதல் தவணை அதிலிருந்து போன பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். மருத்துவக் காப்பீட்டில் மாதப் பிரீமியத்துக்கு 15 நாள்தான் கூடுதல் அவகாசம். அதைத் தாண்டிப் பாலிசி காலாவதியானால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை மறுபடி முதலிலிருந்து கழிக்க வேண்டிவரலாம்.

இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்ற முறையில் உள்ள கணக்கை, தகராறு என்று எழுதிக் கொடுத்து முடக்கக் கேட்பவர்கள் உண்டு. முடக்கினால் தவணையும் சேர்ந்து நிற்கும். தவணையை மாற்றிய பிறகே அந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.