ஒரே பெயர், இரண்டு பதில்கள்

டொமைனின் நேம்சர்வரை மாற்றியதும் சிலருக்குப் புதிய தளம் திறக்கும், சிலருக்குப் பழையதே வரும். ரிசால்வர் எனப்படும் இடைநிலை சர்வர்கள் கிடைத்த பதிலைச் சில காலம் சேமித்து வைப்பதே காரணம். .com பெயர்களுக்கு மேல்நிலை சர்வர் தரும் நேம்சர்வர் பட்டியலின் ஆயுள் 1,72,800 விநாடி, அதாவது 2 நாள்.

```
dig +trace example.com NS
dig @8.8.8.8 example.com NS
```

முதல் கட்டளை, ரிசால்வரின் சேமிப்பைச் சாராமல் ரூட் சர்வரிலிருந்து படிப்படியாக இறங்குகிறது. .com சர்வர் தரும் வரிகளில் பழைய பெயர்களே இருந்தால், மாற்றம் இன்னும் மேலே போய்ச் சேரவில்லை. டொமைனைப் பதிவு செய்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். இரண்டாவது கட்டளை, குறிப்பிட்ட ரிசால்வர் இப்போது என்ன சொல்கிறது, அந்தப் பதில் இன்னும் எத்தனை விநாடி நீடிக்கும் என்று காட்டும்.

.com சர்வரில் புதிய பெயர்கள் வந்தபின்னும் குழப்பம் நீடித்தால், டிரேஸின் கடைசிப் பதிலைப் பாருங்கள். அது புதிய நேம்சர்வர் தன்னைப் பற்றித் தரும் பட்டியல். பழைய பதிவுகளை அப்படியே நகலெடுத்திருந்தால், அங்கே பழைய சர்வர்களின் பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பும் ரிசால்வர்கள் மீண்டும் பழைய இடத்துக்கே போகும். அந்த NS வரிகளைத் திருத்துங்கள். சேமிப்புகள் காலாவதியாகும்வரை பழைய சர்வரிலும் புதிய பதிவுகளையே வைத்திருங்கள்.