கை எதுவரை போகிறது?

"வலது தோள்பட்டை ரொம்ப வலிக்குது சார், எப்போ வரலாம்?" பிசியோதெரபிஸ்ட்டுக்கு முதன்முதலாக வாட்ஸ்அப்பில் போகும் செய்தி பெரும்பாலும் இவ்வளவுதான். நேரம் வாங்க இது போதும். ஆனால் இதில் விட்டுப்போனதைக் கேட்டு வாங்குவதிலேயே முதல் நாளின் பாதி போய்விடும்.

தையல் வேலை செய்யும் ஓர் அம்மா எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"வணக்கம் சார். வயது 52. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதம் முன்பு வலது தோளில் வலி ஆரம்பித்தது. விழவில்லை, அடிபடவில்லை. முதலில் ராத்திரியில் மட்டும் வலித்தது. இப்போது கை தோள் உயரத்துக்கு மேல் போவதில்லை. மகள் பிடித்துத் தூக்கினாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. முதுகுப் பக்கம் கொக்கி மாட்ட முடியவில்லை. கையைச் சட்டென்று நீட்டினால் சுருக்கென்று வலிக்கும், அடங்க அரை மணி நேரமாகும். விரல் மரத்துப்போவதில்லை, காய்ச்சல் இல்லை. தலையை நானே பின்னிக்கொள்ள வேண்டும், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க வேண்டும்."

இதில் மிகப் பயனுள்ள வரி மகள் தூக்கிப் பார்த்தது. பிறர் தூக்கினாலும் கை அதே இடத்தில் நின்றால், மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகியிருக்கலாம். 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்பது இதைத்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். தானாக எழும்பாத கை, பிறர் தூக்கும்போது தாராளமாக எழும்பினால் தசைநாரின் மேல் சந்தேகம் போகும். இரண்டுக்கும் பயிற்சி வேறு. மூட்டுத் தேய்மானத்திலும் கை இறுகும் என்பதால், நேரில் சோதிக்காமல் யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். வீட்டில் பார்ப்பவர்கள் மெதுவாகத் தூக்கி, வலித்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

அந்த அரை மணி நேரமும் வீண் தகவல் அல்ல. கிளறிய வலி இரண்டு நிமிடத்தில் அடங்குகிறவருக்கு முதல் நாளே கொஞ்சம் கூடுதலாகப் பயிற்சி தரலாம். ராத்திரிவரை நீடிக்கிறவருக்கு அப்படிச் செய்தால், மறுநாள் அவர் வரவே மாட்டார்.

"வலி போகணும்" என்று மட்டும் எழுதினால் அளந்து பார்க்க எதுவும் இல்லை. உறை இறுகிய தோள் சரியாக மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். பின்னலும் பஸ் கம்பியும் இருந்தால், இடையில் முன்னேற்றம் உண்டா என்று இருவருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டார் சொன்ன நோய்ப் பெயரை எழுத வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அறிக்கையை அனுப்பலாம். ஆனால் வலியே இல்லாத நடுவயதுக்காரர்களின் தோளிலும் தசைநார்க் கிழிசல் தெரிவதுண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சில வலிகளுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமோ, மூச்சுத் திணறலோ, வியர்வையோ இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். விழுந்த பிறகு கை தூக்கவே வரவில்லை என்றால், முதலில் எலும்பு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.