நூறு கியூபிட்டை எண்ணூறு எண்களில் அடக்குவது

குவாண்டம் கணினி செய்வதைச் சாதாரணக் கணினியில் அப்படியே செய்துபார்க்க முனைந்தால், முதலில் கைவிரிப்பது மெமரிதான். கியூபிட்டுகளை அளந்தால் 0, 1 என்று ஒரு வரிசை கிடைக்கும். வரக்கூடிய ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கலப்பெண்ணைக் கணினி நினைவில் வைத்திருக்க வேண்டும். ஓர் எண்ணுக்கு 16 பைட். 30 கியூபிட்டுக்கு இது 16 ஜிபி ஆகிறது. நல்ல லேப்டாப்பே மூச்சுவாங்கும். அதற்குமேல் ஒரு கியூபிட் கூடினாலும் தேவை இரட்டிக்கும். 2017இல் ஜூரிக் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ‘கோரி’ சூப்பர் கம்ப்யூட்டரில் அரை பீட்டாபைட் மெமரியைப் பிடித்துக்கொண்டு 45 கியூபிட் வரை போனார்கள். 50 கியூபிட்டுக்கு அதைப்போல் 32 மடங்கு வேண்டும்.

ஆனால், அத்தனை எண்களும் உண்மையில் தேவையா? நூறு கியூபிட்டுகள் எல்லாம் 0 அல்லது எல்லாம் 1 என்று சேர்ந்தே விழும் நிலை ஒன்று உண்டு. முழுப் பட்டியல் எழுதினால் 31 இலக்க நீளத்துக்கு இடங்கள் வரும். அவற்றில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் பூஜ்யம். அதனால் பட்டியலையே விட்டுவிட்டு, ஒவ்வொரு கியூபிட்டுக்கும் இரண்டு குட்டி அணிகளைக் கொடுக்கலாம். 0 வந்தால் ஓர் அணி, 1 வந்தால் இன்னொன்று. இரண்டும் 2×2 அளவு. முதல் அணியில் இடது மேல் மூலையில் மட்டும் 1, அடுத்ததில் வலது கீழ் மூலையில் மட்டும் 1. எந்த வரிசையின் எண் வேண்டுமோ, அதற்குரிய நூறு அணிகளைப் பெருக்க வேண்டியதுதான். நடுவில் ஒரு கியூபிட் மாறி வந்தாலும் பெருக்கல் பூஜ்யமாகிவிடும். ஆக, 800 எண்களில் வேலை முடிந்தது. டென்சர் நெட்வொர்க்கின் மிக எளிய வடிவம் இது.

அணியின் அகலம்தான் இங்கே விலை. சங்கிலியை ஓரிடத்தில் வெட்டினால் இரு பாதிகளுக்கும் நடுவே எவ்வளவு பின்னல் இருக்கிறதோ, அதற்கேற்ப அகலம் வளரும். இரண்டு கியூபிட்டுகளைப் பிணைக்கும் ஒவ்வொரு செயலும் அகலத்தைக் கூட்டக்கூடியது. கூடியதில் பெரும்பகுதி மிகச் சிறிய எடையுள்ளதாக இருந்தால், அதை வெட்டி எறிந்துவிடலாம். வெட்டியது அதிகமா என்று தெரிந்துகொள்ள, அகலத்தை இரட்டித்து மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். விடை நகர்ந்துகொண்டே இருந்தால் நம்பக் கூடாது.

2023 ஜூனில் ஐபிஎம் தன் 127 கியூபிட் ‘ஈகிள்’ சிப்பில் ஓட்டிய காந்த மாதிரிக் கணக்கை வெளியிட்டபோது, ஒப்பிட எடுத்த டென்சர் நெட்வொர்க்குகள் கடினமான பகுதியில் தடுமாறின. சில வாரங்களிலேயே நியூயார்க்கின் ஃபிளாட்அயர்ன் நிறுவன ஆய்வாளர்கள் அதே கணக்கைச் சிப்பைவிடத் துல்லியமாகச் சாதாரணக் கணினியில் செய்துகாட்டினர். 127 கியூபிட்டுகளையும் ஒரே சங்கிலியாக நீட்டாமல், சிப்பில் உள்ள இணைப்புகளின் வடிவிலேயே வலையைப் பின்னியதுதான் சூட்சுமம். அந்தச் சிப்பில் ஒரு கியூபிட்டுக்கு அதிகபட்சம் மூன்று அண்டை கியூபிட்டுகள். மிகச் சிறிய வளையத்திலேயே 12 கியூபிட்டுகள் இருப்பதால், வலை கிட்டத்தட்ட கிளைவிட்ட மரம்போல் நடந்துகொண்டது.

இந்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது. கண்டபடி கலக்கும் சர்க்யூட்டில் அடுக்குக்கு அடுக்கு பின்னல் ஏறி, வெட்டத் தகுந்த சிறு எடைகள் மிஞ்சாது. நூறு கியூபிட் சங்கிலியின் நடுவில் அகலம் இரண்டின் ஐம்பதாம் அடுக்கு வரை போகலாம். அப்போது மெமரிக் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும்.