பொட்டாசியம் வழி அடைபடும்போது சுரக்கும் இன்சுலின்

கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். மனிதக் கணையத்தில் இவை சுமார் 10 லட்சம் இருக்கும். சுற்றியுள்ள திசு செரிமானத்துக்கான நொதிகளைச் சுரந்துகொண்டிருக்க, இந்தத் திட்டுகள் தங்கள் ஹார்மோன்களை நேரே இரத்தத்தில் விடுகின்றன. திட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை பீட்டா செல்கள். இன்சுலினைச் செய்வதும் சேமிப்பதும் வேளை பார்த்து வெளியிடுவதும் இவற்றின் பொறுப்பு.

வேளை வந்துவிட்டது என்பது பீட்டா செல்லுக்கு எப்படித் தெரிகிறது? பெரும்பாலான ஹார்மோன் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கும். உரிய பொருள் வந்து ஏற்பியில் ஒட்டியதும் செல் வேலையைத் தொடங்கும். குளுக்கோஸ் விஷயத்தில் பீட்டா செல் அப்படி நடப்பதில்லை. அது குளுக்கோஸை உள்ளே இழுத்து எரிக்கிறது. எரித்ததில் எவ்வளவு ஆற்றல் கிடைத்தது என்பதை வைத்தே இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அறிகிறது. இன்சுலின் சுரப்பின் மற்ற எல்லாப் படிகளும் இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்து தொடர்பவை.

முதல் படி, குளுக்கோஸ் உள்ளே நுழைவது. செல்சவ்வு கொழுப்பால் ஆனது. குளுக்கோஸ் அதை ஊடுருவாது. குளூட் எனப்படும் கடத்திப் புரதங்கள் அதை உள்ளே கொண்டுவருகின்றன. எலியின் பீட்டா செல்லில் குளூட்-2 வகையும் மனிதனின் பீட்டா செல்லில் பெரும்பாலும் குளூட்-1 வகையும் இந்த வேலையைச் செய்கின்றன. தசை செல்லிலும் கொழுப்பு செல்லிலும் குளுக்கோஸ் தாராளமாக நுழைய இன்சுலினின் உதவி வேண்டும். பீட்டா செல்லுக்கு அது வேண்டியதில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறிது நேரத்தில் செல்லின் உள்ளேயும் அதே அளவுக்கு ஏறிவிடும்.

அளவு பார்க்கும் வேலை அடுத்த படியில்தான் நடக்கிறது. உள்ளே வந்த குளுக்கோஸுடன் குளுக்கோகைனேஸ் என்ற நொதி ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. மற்ற பல திசுக்களில் இதே வேலையைச் செய்யும் ஹெக்சோகைனேஸ் மிகக் குறைந்த சர்க்கரையிலேயே முழு வேகத்தை எட்டிவிடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அதன் வேகம் மாறாது. அதனால் அளவு காட்ட அதற்கு இயலாது. குளுக்கோகைனேஸ் வேறு மாதிரி. சர்க்கரை அளவு 140-ஐ, அதாவது 100 மில்லி இரத்தத்தில் 140 மில்லிகிராமை, ஒட்டி வரும்போதுதான் அது பாதி வேகத்தை அடைகிறது. வெறும் வயிற்றில் 85 இருப்பவர் காலை உணவு முடித்து 135-க்குப் போனால், நொதியின் வேகமும் கூடவே ஏறும். தான் உருவாக்கிய பொருள் குவிந்தாலும் அது வேலையை நிறுத்துவதில்லை. இரத்தச் சர்க்கரை எவ்வளவோ, எரியும் வேகமும் அவ்வளவு என்ற பொருத்தத்தைக் காப்பது இந்த நொதிதான்.

பாஸ்பேட் சேர்ந்த குளுக்கோஸ் படிப்படியாக உடைந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் எரிகிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. கூடுகிறது, அது செலவான பின் மிஞ்சும் இணை வடிவம் குறைகிறது. வேதியியலாளர்கள் இந்த இரண்டையும் மூன்று பாஸ்பேட் உள்ளது, இரண்டு பாஸ்பேட் உள்ளது என்று பிரிப்பார்கள். வேதிவினையாக இருந்த செய்தி மின்செய்தியாக மாறுவது இவற்றின் விகிதத்தைக் கொண்டுதான்.

குளுக்கோஸ் பட்டதும் பீட்டா செல்லில் மின்துடிப்புகள் எழுகின்றன என்பதை டீன், மாத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1968-இல் எலியின் திட்டுகளில் பதிவு செய்தார்கள். எரிதலையும் மின்துடிப்பையும் இணைப்பது எது என்பது மேலும் 16 ஆண்டுகள் விளங்காமலேயே இருந்தது. 1983-இல் ஜப்பானைச் சேர்ந்த அகினோரி நோமா, ஏ.டி.பி. பட்டால் மூடிக்கொள்ளும் ஒரு பொட்டாசியம் கால்வாயை இதயத் தசையில் கண்டார். அதே கால்வாய் பீட்டா செல்லிலும் இருப்பதை குக், ஹேல்ஸ் இருவரும், குளுக்கோஸ் கொடுத்தால் அங்கே பொட்டாசியம் கால்வாய் மூடிக்கொள்வதை ஃபிரான்ஸஸ் ஆஷ்கிராஃப்ட் குழுவினரும் 1984-இல் காட்டினார்கள்.

இந்தக் கால்வாய் எட்டுப் புரதத் துண்டுகளால் ஆனது. நடுவில் கிர் 6.2 என்ற நான்கு துண்டுகள் சேர்ந்து பொட்டாசியம் போகும் துளையை உண்டாக்குகின்றன. அவற்றைச் சுற்றி சர்-1 என்ற நான்கு துண்டுகள். மூன்று பாஸ்பேட் உள்ள ஏ.டி.பி. கிர் 6.2-இல் ஒட்டினால் துளை மூடும். இரண்டு பாஸ்பேட் உள்ளது மெக்னீசியத்துடன் சேர்ந்து சர்-1-இல் ஒட்டினால் துளை திறக்கும். செல்லில் எரிபொருள் நிறைவா குறைவா என்பதை ஒரே புரதக்கூட்டம் இரு பக்கமும் தொட்டுப் பார்க்கிறது என்று சொல்லலாம்.

பீட்டா செல்லின் உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. கால்வாய் திறந்திருக்கும்வரை நேர்மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதனால் செல்லின் உட்புறம் வெளியைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். வேறு நேர்மின் அயனிகளும் சிறிதளவு உள்ளே வந்துகொண்டுதான் இருக்கின்றன. பொட்டாசியம் வெளியேறுவது அவற்றை ஈடுகட்டிவிடுகிறது. கவனிக்க வேண்டிய ஒன்று: வெறும் வயிற்றிலேயே இந்தக் கால்வாய்களில் மிகப் பெரும்பாலானவை மூடித்தான் இருக்கின்றன. செல்லை அமைதியாக வைத்திருப்பவை மிஞ்சியுள்ள கொஞ்சம் கால்வாய்களே. அதனால்தான் ஆற்றலில் ஏற்படும் சிறு மாற்றம்கூடப் பெரிய விளைவைத் தருகிறது. அந்தக் கொஞ்சமும் மூடியதும் ஈடுகட்ட ஆளில்லாமல் உட்புறத்தின் எதிர்மின் நிலை தணியத் தொடங்குகிறது.

அது மைனஸ் 50 மில்லிவோல்ட் பக்கம் வந்தால், மின்னழுத்தத்தை உணர்ந்து திறக்கும் கால்சியம் கால்வாய்கள் திறந்துகொள்ளும். அமைதியாக இருக்கும் செல்லுக்குள் இருப்பதைப்போல் 10,000 மடங்கு கால்சியம் வெளியே இருக்கிறது. வழி கிடைத்த கணமே அது பாய்ந்து வருகிறது.

இன்சுலின் இதற்கு முன்பே தயாராக இருக்கிறது. ஒரு பீட்டா செல்லில் ஏறக்குறைய 10,000 நுண்பைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் துத்தநாகத்துடன் இறுகிய படிகமாக இன்சுலின். அவற்றில் சிறு பகுதி சவ்வை ஒட்டியே, கால்சியம் கால்வாய்களின் அருகில் காத்திருக்கிறது. வந்த கால்சியத்தை சினாப்டோடாக்மின் என்ற புரதம் உணர்கிறது. ஸ்னேர் புரதங்கள் நுண்பையின் சவ்வையும் செல்லின் சவ்வையும் இழுத்துச் சேர்க்கின்றன. பை திறந்து இன்சுலின் வெளியே கொட்டுகிறது. நரம்பு செல்களும் தங்கள் வேதிப்பொருளை இதே புரதக் குடும்பங்களைக் கொண்டுதான் வெளியிடுகின்றன.

நரம்பு வழியாகக் குளுக்கோஸ் செலுத்தி அளந்தால் சுரப்பு இரண்டு கட்டமாக நடப்பது தெரியும். முதல் 10 நிமிடத்துக்குள் ஒரு கூர்மையான எழுச்சி. சவ்வோரம் காத்திருந்த பைகள் அப்போது காலியாகின்றன. பிறகு உள்ளிருந்து புதிய பைகள் நகர்ந்து வந்து, சர்க்கரை உயர்ந்திருக்கும்வரை நிதானமாகச் சுரந்துகொண்டிருக்கும். இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் தொலைவது அந்த முதல் எழுச்சிதான். சாப்பிட்டபின் பார்க்கும் சர்க்கரை, வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு முன்பே ஏறிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானாலும் அதற்கே உரிய நோய் வரும். குளுக்கோகைனேஸ் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறந்ததிலிருந்தே 100-க்கும் 145-க்கும் இடையில் நின்றுவிடும். அதற்கு மேல் பெரிதாக ஏறாது. அவருடைய செல் சுரக்கிறது, தொடங்கும் இடம்தான் சற்று மேலே போய்விட்டது. இவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படுவதில்லை.

பொட்டாசியம் கால்வாய் பழுதானால் கதை கடுமையானது. பிறந்து ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தை எடை குறைந்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வாந்தி எடுத்து, சோர்ந்து கிடந்த நிலையில் மருத்துவமனைக்கு வருகிறது. சர்க்கரை பல நூறுக்கு ஏறியிருக்கிறது. முதல் வகை நீரிழிவில் காணும் எதிர்ப்புப் புரதங்கள் இரத்தத்தில் இல்லை. உடல் தானே இன்சுலின் சுரக்கிறதா என்பதைக் காட்டும் சி-பெப்டைடும் இல்லாத அளவுக்குக் குறைவு. முன்பு இத்தகைய குழந்தைகளையும் முதல் வகை என்றே எண்ணி வாழ்நாள் முழுக்க ஊசி போட்டார்கள். 2004-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹேட்டர்ஸ்லியும் ஆஷ்கிராஃப்டும் இடம்பெற்ற குழு, இவர்களில் பலருக்கு கிர் 6.2 மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டது. குளுக்கோஸ் எரிகிறது, ஏ.டி.பி. கூடுகிறது, ஆனால் கால்வாய் அதற்குப் பணிந்து மூடுவதில்லை. செல் நிறைய இன்சுலின் பைகளை வைத்துக்கொண்டு மௌனமாக இருக்கிறது.

இதற்கான மருந்து, காரணம் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கைவசம் இருந்தது. 1942-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்த மார்செல் ஜான்போன், சில நோயாளிகளுக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவதைக் கவனித்தார். ஓகுஸ்த் லூபாத்தியேர் அதை ஆராய்ந்து, மருந்து கணையத்தைத் தூண்டுகிறது என்று காட்டினார். கிளிபென்கிளமைடு உள்ளிட்ட சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் அந்த வழியில் வந்தவை. அவை சர்-1-இல் ஒட்டிக் கால்வாயை மூடுகின்றன. ஏ.டி.பி. ஒட்டும் இடம் வேறு என்பதால், அந்த இடம் பழுதான குழந்தைகளிலும் மாத்திரை பலிக்கும். 2006-இல் வெளியான ஆய்வில் கிர் 6.2 மாற்றம் உள்ள 49 பேருக்கு இந்த மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. 44 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்த முடிந்தது. அளவு மட்டும், உடல் எடையோடு ஒப்பிட்டால், பெரியவர்களுக்குக் கொடுப்பதைவிட அதிகம் தேவைப்படுகிறது. ஆறு மாதத்துக்குள் நீரிழிவு வந்த எந்தக் குழந்தைக்கும் மரபணுச் சோதனை செய்துவிட வேண்டும் என்பது இன்று உறுதியான நடைமுறை. இந்தச் சோதனை சென்னையிலும் செய்யப்படுகிறது.

எதிர்த்திசைப் பழுதும் உண்டு. கால்வாய் உருவாகாமலோ திறக்காமலோ போனால் சர்க்கரை எவ்வளவு இறங்கினாலும் இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கும். பிறந்த சிசுவுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வரலாம். கால்வாயைத் திறக்கும் டயசாக்சைடு சிலருக்கு உதவுகிறது. கால்வாயே இல்லாத குழந்தைக்கு அந்த மருந்தால் பயனில்லை. சிலருக்குக் கணையத்தின் பகுதியை அகற்ற வேண்டிவரும்.

சாதாரண நீரிழிவுக்காரர்கள் சல்ஃபோனைல்யூரியா சாப்பிடும்போது தாழ்சர்க்கரை வருவதற்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. மாத்திரை கால்வாயை மூடும்போது எரிதலைக் கேட்பதில்லை. சாப்பாட்டைத் தவறவிட்டவருக்கும் இன்சுலின் சுரக்கும். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் வரும். குடலிலிருந்து வரும் ஜி.எல்.பி-1 ஹார்மோன் வேறு வழியில் வேலை செய்கிறது. அது கால்சியம் வந்தபின் நடப்பதைப் பெருக்குகிறதே தவிர, அமைதியாக இருக்கும் செல்லைத் தானே எழுப்புவதில்லை. அதைப் பின்பற்றும் மருந்துகளைத் தனியாக எடுத்தால் சர்க்கரை அரிதாகவே தாழ்கிறது. அவற்றோடு சல்ஃபோனைல்யூரியாவையும் சேர்க்கும்போது அதன் அளவை மருத்துவர்கள் குறைப்பதும் இதனால்தான்.